டிரான்சிஸ்டர் கேரக்டரிஸ்டிக்ஸ் வைவா: கோடு இடது பக்கம் போனால் என்ன சொல்வது?

கேள்வி: அண்ணே, நான் டிப்ளமோ ஈசிஇ. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் வந்து படிக்கிறேன். அடுத்த வாரம் பிராக்டிகல். டிரான்சிஸ்டர் இன்புட், அவுட்புட் கேரக்டரிஸ்டிக்ஸ் விழுந்தால் வைவாவில் என்ன கேட்பார்கள்? ரெக்கார்டில் இருப்பதை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் புத்தகத்தில் VCE ஏறினால் இன்புட் கோடு வலது பக்கம் நகர்கிறது, என் கிராஃபில் இடது பக்கம் போயிருக்கிறது. அதைக் கேட்டால் என்ன சொல்ல?

பதில்:

தம்பி, முதலில் அந்த இடது பக்கத்தை அழித்து வலது பக்கம் வரைந்துவிடாதே. உன் ரீடிங் பெரும்பாலும் சரிதான். நான் லேபில் வேலை பார்த்த காலத்தில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் விவரமானவர்கள் "டிரான்சிஸ்டர் என்றால் என்ன" என்று ஆரம்பிக்க மாட்டார்கள், உன் கிராஃப் ஷீட்டை வாங்கி விரலை ஒரு இடத்தில் வைத்து "இது ஏன் இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார்கள். அதனால் கேள்வி பதிலை நான் உன் கிராஃபை வைத்தே சொல்கிறேன். காமன் எமிட்டர் இணைப்பு, BC107, என்பிஎன் என்று வைத்துக்கொள்வோம்.

"VCE-ஐ ஏற்றினால் இன்புட் கோடு ஏன் நகர்கிறது?" இதுதான் உன் கேள்வி. புத்தகம் சொல்லும் பதில் இது: VCE ஏறினால் கலெக்டர்-பேஸ் ஜங்ஷனின் ரிவர்ஸ் பயாஸ் கூடுகிறது, அங்கே டிப்ளீஷன் பகுதி அகலமாகி பேஸுக்குள் நுழைகிறது, அதனால் உண்மையில் மிஞ்சும் பேஸின் அகலம் குறைகிறது, எலக்ட்ரான்கள் கடக்க வேண்டிய தூரம் குறைவதால் வழியில் ஹோலுடன் சேர்ந்து காணாமல் போவதும் குறைகிறது, ஆகவே அதே VBE-க்கு IB கொஞ்சம் குறைவு. அதே IB வேண்டுமென்றால் VBE கொஞ்சம் கூட வேண்டும். கோடு வலது பக்கம்.

நம் ஊர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள். முகப்பில் கல்யாணக் கூட்டம் நிற்கிறது, ஒரு குறுகிய நடை வழியாக வளவுக்குள் போகிறது. நடையில் நின்று பேசித் தங்கிவிடுகிறவர்கள் சிலர்தான், அவர்கள் பேஸ் கரண்ட். நடை இன்னும் குட்டையானால் தங்குகிறவர்கள் இன்னும் குறைவார்கள். (இதை எக்ஸாமினரிடம் சொல்லாதே, உனக்குப் புரிவதற்காகச் சொன்னேன். அவர் காரைக்குடிக்காரராக இருந்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.)

சரி, இந்த விளக்கத்தோடு நிறுத்தினால் பாஸ். ஆனால் அளவைப் பார்த்தால்தான் விஷயம் தெளிவாகும். VCE = 0 கோட்டுக்கும் VCE = 1 வோல்ட் கோட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நன்றாகவே கண்ணுக்குத் தெரியும், 0.1 வோல்ட் பக்கம் வரும். அதற்குக் காரணம் பேஸ் குறுகுவது அல்ல. VCE பூஜ்ஜியம் என்றால் கலெக்டரும் எமிட்டரும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன, ஆகவே பேஸிலிருந்து பார்த்தால் இரண்டு ஜங்ஷனும் ஃபார்வர்டு பயாஸில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு டயோடு. இரண்டு வழியிலும் கரண்ட் போகிறது, அதனால் குறைந்த VBE-யிலேயே IB வந்துவிடுகிறது. VCE ஒரு வோல்ட் ஆனவுடன் கலெக்டர் ஜங்ஷன் ரிவர்ஸ் ஆகிவிடுகிறது, ஒரு வழி அடைபட்டது, கோடு ஒரே தாவாக வலது பக்கம் போகிறது. அதற்கு மேல் 1 வோல்டிலிருந்து 5 வோல்ட் போனால் பேஸ் குறுகுவதால் வரும் நகர்வு மிகச் சிறியது, நம் லேபில் இருக்கும் 0-1 வோல்ட் முள் மீட்டரில் தெரியவே தெரியாது.

அப்படியானால் உன் கோடு ஏன் இடது பக்கம் போனது? சூடு. கணக்குப் போட்டுப் பார்: IB 40 மைக்ரோஆம்பியர், IC சுமார் 8 மில்லிஆம்பியர், VCE 5 வோல்ட் என்றால் டிரான்சிஸ்டருக்குள் 40 மில்லிவாட் சூடாகிறது. BC107 மாதிரி சின்ன உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரில் ஒரு மில்லிவாட்டுக்கு ஜங்ஷன் ஏறக்குறைய அரை டிகிரி ஏறும் (டேட்டா ஷீட்டில் 25 டிகிரி அறையில் 300 மில்லிவாட், ஜங்ஷன் உச்சம் 175 டிகிரி என்று இருக்கும், கழித்து வகுத்தால் இந்த அரை டிகிரி வந்துவிடும்). ஆக அறையின் சூட்டுக்கு மேல் 20 டிகிரி. VCE 1 வோல்டில் 8 மில்லிவாட்தான், 4 டிகிரி. வித்தியாசம் 16 டிகிரி. சிலிக்கான் ஜங்ஷனில் அதே கரண்டுக்கு VBE ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும் என்று படித்திருப்பாயே, அப்போது 32 மில்லிவோல்ட் இடது பக்கம். பேஸ் குறுகுவது வலது பக்கம் தள்ளுவது அதைவிடக் குறைவு. சூடு ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை நிரூபித்தும் காட்டலாம். VCE-ஐ 5 வோல்டில் வைத்து, IB-யை 40-இல் நிறுத்தி, டிஜிட்டல் மீட்டரில் VBE-ஐப் பார்த்துக்கொண்டே டிரான்சிஸ்டர் மேல் வாயால் நன்றாக ஊது. VBE சில மில்லிவோல்ட் ஏறும், ஊதுவதை நிறுத்தினால் மெல்ல இறங்கும். பேஸ் அகலம் ஊதினால் மாறாது. எக்ஸாமினர் முன்னால் ஊதிக் காட்ட வெட்கமாக இருந்தால் நோட்டுப் புத்தகத்தால் விசிறு.

வைவாவில் சொல்லும்போது வரிசை முக்கியம். முதலில் "தியரிப்படி வலது பக்கம் போக வேண்டும் சார், காரணம் பேஸ் குறுகுவது" என்று சொல்லிவிடு. அப்புறம் "என் ரீடிங்கில் ஒவ்வொரு பாயிண்டிலும் நேரம் எடுத்துக்கொண்டேன், டிரான்சிஸ்டர் சூடாகி VBE குறைந்துவிட்டது" என்று சொல். சூட்டில் ஆரம்பித்தால் தியரி தெரியாமல் சமாளிக்கிறாய் என்று நினைத்துவிடுவார்.

அடுத்த கேள்வி, பல பேர் மாட்டுவது: "வோல்ட்மீட்டரை மைக்ரோஅம்மீட்டருக்கு முன்னால் போட்டாயா, பின்னால் போட்டாயா?" இதற்குப் பதில் நீ எந்த மீட்டர் வைத்திருந்தாய் என்பதைப் பொறுத்தது. பின்னால், அதாவது நேரே பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே போட்டால் வோல்டேஜ் சரியாகக் கிடைக்கும், ஆனால் வோல்ட்மீட்டர் தனக்கென்று இழுக்கும் கரண்டும் மைக்ரோஅம்மீட்டர் வழியாகத்தான் போகும். முள் மீட்டர் வோல்டுக்கு 20 கிலோஓம் வகை என்றால் 1 வோல்ட் ரேஞ்சில் அது 20 கிலோஓம், 0.65 வோல்டுக்கு அது மட்டும் 32 மைக்ரோஆம்பியர் இழுக்கும். நீ 40 என்று எழுதுகிறாய், பேஸுக்குள் போவது 8! பழைய லேப்களில் வோல்டுக்கு 1 கிலோஓம் மீட்டர் கூட இருக்கும், அதை வைத்தால் 0.65 மில்லிஆம்பியர், கணக்கே கிடையாது. டிஜிட்டல் மீட்டர் 10 மெகாஓம் என்பதால் இழுப்பது 0.065 மைக்ரோஆம்பியர், மறந்துவிடலாம்.

முன்னால் போட்டால் கரண்ட் சரி, ஆனால் மைக்ரோஅம்மீட்டரில் விழும் வோல்டேஜும் VBE-யில் சேர்ந்துவிடும். 200 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்த மல்டிமீட்டருக்குள் பெரும்பாலும் 1 கிலோஓம் இருக்கும், 40 மைக்ரோஆம்பியருக்கு 40 மில்லிவோல்ட் கூடுதல். அது சின்னதாகத் தெரியலாம், ஆனால் அடுத்த கேள்வியில் இந்தப் பிழை உன்னைக் கவிழ்த்துவிடும்.

"இன்புட் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வந்தது?" IB 20-இலிருந்து 40-க்குப் போகும்போது VBE எவ்வளவு ஏறியது என்று பார்த்து வகுக்க வேண்டும். கரண்ட் இரு மடங்கானால் VBE சுமார் 18 மில்லிவோல்ட் ஏறும், 18 மில்லிவோல்டை 20 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் 900 ஓம். சரிபார்க்க ஒரு குறுக்கு வழி:

```
rin = 26 mV / IB
    = 26 mV / 30 uA = 867 ohm
```

30 என்பது 20-க்கும் 40-க்கும் நடுப்புள்ளி. இரண்டும் ஒத்துப்போகிறது. இப்போது மீட்டரை முன்னால் போட்டவன் கதையைப் பார்: அவன் VBE-யில் 1 கிலோஓம் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே அவனுக்கு 1900 ஓம் வரும். விடை இரு மடங்கானால் காரணம் டிரான்சிஸ்டர் இல்லை, மீட்டர். இன்னொன்று, முள் மீட்டரில் ஒரு சின்னக் கோடு 20 மில்லிவோல்ட் என்றால் இந்த 18-ஐ எப்படிப் படித்தாய் என்று எக்ஸாமினர் கேட்கலாம். படிக்க முடியாது, அதனால் டிஜிட்டலில் எடுத்தேன் என்பதுதான் நேர்மையான பதில்.

இனி அவுட்புட். "எதை நிலையாக வைத்தாய்?" IB. "எப்படி நிலையாக வைத்தாய்?" இங்கே பலர் விழிப்பார்கள். VCE-ஐ மாற்றும்போது VBE கொஞ்சம் அசையும், அசைந்தால் IB-யும் அசையும். பேஸில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்து VBE 20 மில்லிவோல்ட் நகர்ந்தால் IB 2 மைக்ரோஆம்பியர் மாறும், 40-க்கு 2 என்பது ஐந்து சதவீதம். 100 கிலோஓம் போட்டால் 0.2 மட்டும். அதோடு 100 கிலோஓம் இருந்தால் 40 மைக்ரோஆம்பியருக்கு சப்ளை நாலரை வோல்டுக்கு மேல் வைக்க வேண்டும், குமிழைத் திருப்பவும் சுலபம். 10 கிலோஓமில் ஒரு வோல்ட் பக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், லேசாகத் தொட்டாலும் முள் பறக்கும். எந்த ரெசிஸ்டர் கொடுத்தாலும் ஒவ்வொரு VCE-க்கும் IB-யை ஒரு தடவை பார்த்துத் திருத்திவிட்டு IC-ஐ எழுது.

"VCE என்று எழுதியிருக்கிறாயே, அது எங்கே பார்த்த வோல்டேஜ்?" பவர் சப்ளையின் முகத்தில் தெரிவதை எழுதினாய் என்றால் அங்கேயே மார்க் போச்சு. கலெக்டரில் 1 கிலோஓம் இருக்கும்போது 8 மில்லிஆம்பியர் போனால் அதிலேயே 8 வோல்ட் விழுந்துவிடும், VCE 2 வோல்ட் வர சப்ளை 10-இல் நிற்க வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நேரே மீட்டர்.

அப்புறம் கிராஃபின் இடது ஓரம். பெரும்பாலான ஷீட்டில் பூஜ்ஜியத்திலிருந்து 1 வோல்டுக்கு ஸ்கேல் வைத்து ஒரு சரிவான கோடு இழுத்து, அங்கிருந்து படுக்கை வசமாகப் போயிருப்பார்கள். காரணம் 0, 1, 2, 3 என்று ரீடிங் எடுத்தது. உண்மையில் அந்த ஏற்றம் முழுவதும் 0.2, 0.3 வோல்டுக்குள் முடிந்துவிடுகிறது, அதுதான் சாச்சுரேஷன் பகுதி. "சாச்சுரேஷனில் எத்தனை பாயிண்ட் எடுத்தாய்?" என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இங்கே ஒரு தந்திரம்: VCE-ஐ 0.05, 0.1 என்று செட் செய்ய முயற்சிக்காதே, நடக்காது, ஏனென்றால் சப்ளையை ஒரு வோல்டிலிருந்து ஆறு வோல்ட் வரை திருப்பினாலும் VCE அந்தக் கொஞ்ச இடத்துக்குள்தான் நகரும். அதற்குப் பதில் IC-ஐ 1, 2, 3 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டு VCE-ஐ மீட்டரின் 200 மில்லிவோல்ட் ரேஞ்சிலோ அதற்கு அடுத்ததிலோ படி. பாயிண்டுகள் தானாக அந்த ஓரத்தில் வந்து உட்காரும். சாச்சுரேஷன் என்றால் இரண்டு ஜங்ஷனும் ஃபார்வர்டு, IC-ஐத் தீர்மானிப்பது IB அல்ல, வெளியே இருக்கும் சப்ளையும் ரெசிஸ்டரும். கட்-ஆஃப் எங்கே என்றால் IB = 0 கோடு, அது எக்ஸ் அச்சோடு ஒட்டிக்கிடக்கும், சிலிக்கானில் மில்லிஅம்மீட்டர் அசையாது.

இப்போது படுக்கைக் கோடு, அது முழுப் படுக்கையும் இல்லை. "ஏன் லேசாக மேலே ஏறுகிறது?" எர்லி எஃபெக்ட். அதே பேஸ் குறுகும் கதைதான். "எர்லி என்றால்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், "சீக்கிரமாக நடப்பது சார்" என்று ஒருவன் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அது ஆள் பெயர், பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜேம்ஸ் எர்லி, 1952-இல் இதை விளக்கி எழுதினார்.

ஒரு மாதிரி ரீடிங்கை எடுத்துக்கொள்வோம். IB 40-இல் VCE 2 வோல்டுக்கு IC 7.8, 6 வோல்டுக்கு 8.2, 8 வோல்டுக்கு 8.4 மில்லிஆம்பியர். 6 வோல்ட் வித்தியாசத்துக்கு 0.6 மில்லிஆம்பியர், ஆகவே அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 10 கிலோஓம். கோட்டைப் பின்னால் நீட்டினால் எக்ஸ் அச்சை எங்கே தொடும்? 7.8-ஐ 0.1-ஆல் வகுத்தால் 78, அதில் 2-ஐக் கழித்தால் மைனஸ் 76 வோல்டில். அதுதான் எர்லி வோல்டேஜ். IB 20-க்கும் இதே மாதிரி நீட்டினால் ஏறக்குறைய அதே இடத்துக்கு வர வேண்டும்.

வராமல் 40 வோல்ட், 30 வோல்ட் என்று வந்தால் மறுபடியும் சூட்டைச் சந்தேகப்படு. கெயின் ஒரு டிகிரிக்கு அரை சதவீதம் போல ஏறும், 8 வோல்டில் நிறுத்திவிட்டு நீ பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தால் 8.4 மெல்ல ஏறி 9-ஐத் தொடும், கோட்டின் சரிவு இரு மடங்காகிவிடும். எர்லி எஃபெக்ட் குமிழைத் திருப்பிய கணத்திலேயே வந்து நிற்கும், சூடு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஊர்ந்து வரும், பிரித்துப் பார்க்க இந்த ஒரு அடையாளம் போதும். ஏப்ரல் மாதம் மதியம் நம் ஊர் லேபில், அதுவும் ஃபேன் காற்று ஒரு பெஞ்சுக்கு வந்து அடுத்த பெஞ்சுக்கு வராத இடத்தில், ஒரே நம்பர் டிரான்சிஸ்டரை வைத்து இரண்டு பையன்கள் இரண்டு மாதிரி கிராஃப் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதிக VCE ரீடிங்கைச் சட்டென்று எடுத்துவிட்டு சப்ளையை இறக்கிவிடு.

"பீட்டா எவ்வளவு?" என்பதற்கு "எந்தப் பீட்டா சார், டிசியா ஏசியா?" என்று திருப்பிக் கேட்கலாம், மரியாதையாக. VCE 6 வோல்டில் டிசி என்றால் 8.2-ஐ 0.04-ஆல் வகுத்து 205. IB 20-க்கு IC 4.0 என்றால் ஏசி என்பது 4.2-ஐ 0.02-ஆல் வகுத்து 210. முன்னது hFE, பின்னது hfe, எழுத்தின் அளவில்தான் வித்தியாசம். பக்கத்து பெஞ்சில் வேறு நம்பர் வந்தால் பயப்படாதே, ஒரே தட்டிலிருந்து எடுத்த BC107-களிலேயே இது நூறு சொச்சத்திலிருந்து நானூறு சொச்சம் வரை இருக்கும்.

டோப்பிங், எமிட்டரில் ஏன் அதிகம், கலெக்டர் ஏன் பெரிது (சூடு அங்கேதான் பிறக்கிறது), அம்புக்குறி எந்தப் பக்கம், இதெல்லாம் ரெக்கார்டிலேயே இருக்கிறது, படித்துவிட்டாய், விடு.

கடைசியாக ஒன்று, "எமிட்டரையும் கலெக்டரையும் மாற்றிப் போட்டால் வேலை செய்யுமா?" டிரான்சிஸ்டராகவே வேலை செய்யும், ஆனால் கெயின் சில ஒற்றை இலக்கத்துக்கு விழுந்துவிடும். IB 40 கொடுத்தும் IC ஒரு மில்லிஆம்பியரைக் கூடத் தாண்டாமல் படுத்துக் கிடக்கும், அப்புறம் VCE 7, 8 வோல்ட் பக்கம் வந்தவுடன் திடீரென்று எகிறும், ஏனென்றால் எமிட்டர்-பேஸ் ஜங்ஷன் ரிவர்ஸில் அவ்வளவுதான் தாங்கும். BC107-இல் தொப்பியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்குக்குப் பக்கத்துக் கால்தான் எமிட்டர், கலெக்டர் தொப்பியோடு சேர்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து சிவப்பை பேஸில் வை, இரண்டு ஜங்ஷனில் ஒரு பொடி அதிகமாகக் காட்டுவது எமிட்டர் பக்கம். பவர் ஆன் செய்வதற்கு முன்னால் பார்த்துவிடு, ஒரு தடவை எகிறிய டிரான்சிஸ்டரின் கெயின் குறைந்துபோயிருக்கும், அப்புறம் சரியாக மாட்டினாலும் பழைய பீட்டா வராது, வேறு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்.